விளம்பரம் இல்லாத இடத்துக்கு ஒரு மின்னஞ்சல்: கேள்வி பதில்

கிளிநொச்சி, இறுதியாண்டு வணிகவியல் மாணவி: அக்கா, யாழ்ப்பாணத்தில் இணையம் வழியாக உடுப்பு விற்கும் புதிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. உள்ளகப் பயிற்சிக்கு ஆள் தேவை என்று எங்கும் போடவில்லை. நிறுவனருக்கு நேரே எழுதப் போகிறேன். “தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பயிற்சி பெறும் வாய்ப்பை நாடுகிறேன்” என்று தொடங்கியிருக்கிறேன். சரியா?

அந்த வரியை வெட்டிவிடுங்கள், தங்கை. நானும் வவுனியாவிலிருந்து இப்படியொரு சிறு நிறுவனத்துக்குக் கணக்குப் பார்க்கிறேன். வரும் மின்னஞ்சல்களை முதலில் படிப்பதும் நான்தான். அந்த வரியைப் படிப்பவர் உங்களுக்காக ஒரு வேலையை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு உட்கார்ந்து பழக்க வேண்டும். அதற்கு நேரமிருந்தால் விளம்பரமே போட்டிருப்பார். முன்பின் தெரியாத ஒருவரிடம் வங்கிக் கணக்கையும் யாரும் திறந்து காட்டமாட்டார்கள். ஆகவே பழக்கவும் தேவையில்லாத, இரகசியமும் வெளியே போகாத ஒரு வேலையை நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உடுப்பு விற்பவரிடம் அப்படியொன்று பெரும்பாலும் இருக்கும். பொதியைக் கொடுத்து வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் கூரியர் நிறுவனம், தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிகுதியை அனுப்புகிறது. அது சரியாக வந்ததா என்று ஒவ்வொரு பொதியாகப் பார்க்க அங்கே ஆளிருக்காது.

ஒரு கற்பனைக் கணக்கை ஒரே பக்கத்தில் செய்து இணையுங்கள். 2,500 ரூபாய்ப் பொதிகள் 20 போயின. கடைக்கு 3 திரும்பி வந்தன. 17 பொதிக்கு 42,500 ரூபாய். போனது, திரும்பியது எல்லாவற்றுக்கும் பொதிக்கு 350 ரூபாய் கட்டணம் என்று வைத்தால் 7,000 கழியும். வர வேண்டியது 35,500. கூரியரின் பட்டியலில் அனுப்பியதாக இருப்பதோ 33,000. குறைவு 2,500, அதாவது சரியாக ஒரு பொதியின் விலை. கூரியரின் பட்டியலில் 4 பொதி திரும்பியதாக இருக்கும், கடையில் 3 தான் கிடக்கும். குறைவு 350, 700 என்று வந்தால் கட்டணத்தில்தான் பிழை. இந்த வித்தியாசத்தை விளக்கத் தெரிந்தவர் என்று கண்டால், நான் என்றால் அன்றே பதில் போடுவேன்.

மின்னஞ்சல் இவ்வளவு போதும்:

> பொருள்: கூரியர் காசைச் சரிபார்க்க, வாரம் இரண்டு நாள், எட்டு வாரம்
>
> வணக்கம். நான் கிளிநொச்சியைச் சேர்ந்த இறுதியாண்டு வணிகவியல் மாணவி. உங்கள் பொதிகளுக்குக் கூரியர் அனுப்பும் காசை ஓடர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இப்போது ஒருவர் இருக்கிறாரா? இல்லையென்றால் உள்ளகப் பயிற்சியாக நான் செய்து தருகிறேன். ஓடர் பட்டியலும் கூரியர் பட்டியலும் போதும். வங்கிக் கணக்கு தேவையில்லை. எப்படிச் செய்வேன் என்பதை ஒரு பக்கத்தில் இணைத்திருக்கிறேன். பத்து நிமிடம் தொலைபேசியில் பேசலாமா?

பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக் குறிப்பேட்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டுமென்றால் அந்தத் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் தெரிந்தால் சினம் வரும்.

மாங்குளம், பட்டதாரி: ஒருவருக்கு எழுதிக் காத்திருப்பது வீண். நான் ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினேன். எண்ணிக்கைதான் முக்கியம்.

பாதி சரி, தம்பி. ஒருவரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆனால் ஒரே கடிதம் என்றால் எந்த வேலையையும் பெயர் சொல்லிக் கேட்க முடியாது. எங்களுக்கு ஒருமுறை வந்த கடிதத்தில் மேலே எங்கள் பெயர், நடுவில் வேறொரு நிறுவனத்தின் பெயர். நிறுவனர் அதை வாசித்துக் காட்டிச் சிரித்தார், பதில் போகவில்லை. ஐந்தாறு பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவருக்கும் வேலையை மாற்றி எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே மின்னஞ்சலின் கீழே இரண்டு வரி. அதோடு விட்டுவிடுங்கள்.

முல்லைத்தீவு, தந்தை: மகளுக்கு வங்கியில் பயிற்சி எடுக்க விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும்?

ஐயா, இங்கே பேசுவது படிவமே இல்லாத இடங்களைப் பற்றி. வங்கிக்கு அந்தந்த வங்கியின் கிளையில் கேளுங்கள்.

கிளிநொச்சி மாணவி, மீண்டும்: அவர்களின் பக்கத்தில் “திருப்பி அனுப்பினேன், காசு வரவில்லை” என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அதைக் குறிப்பிடலாமா?

முதற் கடிதத்தில் வேண்டாம். நீங்கள் நல்லதுக்குச் சொன்னாலும் குறை கண்டுபிடித்தவராகவே தெரிவீர்கள். ஆனால் அந்த முறைப்பாடுகளை நன்றாகப் படித்து வையுங்கள். தொலைபேசியில் “திரும்பி வரும் பொதிகளை யார் பதிகிறார்கள்?” என்று கேட்டால், மிகுதியை அவரே சொல்வார்.

பரந்தன், முன்னாள் பயிலுநர்: நான் மூன்று மாதம் சும்மா வேலை செய்தேன், பஸ் காசுகூடத் தரவில்லை. சம்பளத்தை முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

முதற் கடிதத்தில் காசு பேசக் கூடாது, தொடங்கும் நாளுக்கு முன் பேசிவிட வேண்டும் என்பது என் எண்ணம். என்னோடு வேலை செய்யும் அண்ணா ஒத்துக்கொள்வதில்லை. வன்னியிலிருந்து போய் வருபவள் பஸ் செலவை முதல் வரியிலேயே எழுத வேண்டும், அதற்கே தயங்குகிறவரிடம் போகத் தேவையில்லை என்பார். உங்கள் கதையைக் கேட்ட பிறகு அவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.