பதினெட்டு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கேள்வி: டாக்டர், என் மகன் 2024 ஆகஸ்ட் 31-ல் பிறந்தான், 33 வாரம் முடிந்த அன்றே. 18 மாதத்தில் வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். போனில் உள்ள ஆப் பிப்ரவரி 22 என்கிறது, கணவர் எக்செலில் போட்டால் பிப்ரவரி 28, ஒரு இணையதளத்தில் மார்ச் 3, மாமியார் கணக்கில் தை மாசமே பதினெட்டு. எந்தத் தேதிக்குப் போகணும்? இன்னும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான், அதுவும் பயமாக இருக்கிறது.

பதில்: நான்கு தேதிகளும் ஏன் வந்தன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் அடுத்த முறை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் உங்கள் மகனுக்கு இந்த நான்குமே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். முக்கியமான விஷயம் அதுதான்.

ஆப் மாதத்துக்கு 30 நாள் என்று வைத்து 18-ஐப் பெருக்கியிருக்கிறது. அது 540 நாள். நிஜத்தில் ஆகஸ்ட் 31-லிருந்து ஒன்றரை வருடம் 546 நாள், அதனால் ஆறு நாள் முன்னாடியே நின்றுவிட்டது. சிலர் மாதத்துக்கு நான்கு வாரம் என்று 72 வாரம் எண்ணுவார்கள், அதில் பிழை இன்னும் பெரிது, ஜனவரி 17-லேயே பதினெட்டு மாதம் வந்துவிடும். மருத்துவத்தில் நாங்கள் காலண்டர் மாதத்தைத்தான் எடுக்கிறோம்: பிறந்த தேதியோடு ஒரு வருடம், அதோடு ஆறு மாதம், அதே தேதி.

உங்கள் விஷயத்தில் அந்த 'அதே தேதி' பிப்ரவரி 31. அப்படி ஒரு நாள் கிடையாது. அப்போது அந்த மாதத்தின் கடைசி நாளை எடுப்பது வழக்கம், எக்செல் அதைத்தான் செய்தது. இணையதளமோ பிப்ரவரி முடிந்த பிறகும் மூன்று நாள் எண்ணிக்கொண்டே போய் மார்ச் 3-ல் நின்றது. 29, 30, 31 தேதிகளில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். எக்செலில் பிறந்த தேதி B2 கட்டத்தில் இருந்தால் இதைப் போடுங்கள்:

```
=EDATE(B2,18)
```

46081 என்று ஏதோ எண் வந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் 2026 பிப்ரவரி 28 என்று காட்டும்.

மாமியார் சொன்னதும் தப்பில்லை, அவர் எண்ணும் முறை வேறு. ஆவணியில் பிறந்ததால் ஆவணியையே ஒன்று என்று தொடங்கினால் பதினெட்டாவதாகத் தை வரும். தை மாதத்தில் அவனுக்குப் பதினெட்டு நடக்கிறது, நிறையவில்லை, நிறைவது மாசியில்தான். பரிசோதனைக்கு வேண்டியது நிறைந்த மாதம். உங்களை அழைத்தவர்களிடம் பேசும்போது "பதினெட்டு ஆச்சு" என்று பொதுவாகச் சொல்லாமல், நிறைந்ததா நடப்பா என்று தெளிவாகச் சொல்லுங்கள், இந்த ஒரு சொல்லில் ஒரு மாதம் வரைக்கும் வித்தியாசம் வந்துவிடும்.

சரி, இப்போது உங்கள் மகனுக்கு வருவோம். கர்ப்பகாலம் 40 வாரம் என்று வைத்தே பிரசவ தேதி குறிக்கிறோம். அவன் 33 வாரத்தில் வெளியே வந்துவிட்டான், ஏழு வாரம் பாக்கி. மூளையும் தசைகளும் அந்த ஏழு வாரத்தில் உள்ளே இருந்து வளர்ந்திருக்க வேண்டியவை, வெளியே வந்ததால் அவை வேகமெடுத்துவிடுவதில்லை. அதனால் 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரைக்கும், வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுகிறோம். திருத்திய வயது என்று இதற்குப் பெயர்.

இதில் பெற்றோர் வழக்கமாகச் செய்வது, பிறந்த தேதிக்கு 18 மாதம் கண்டுபிடித்து அதோடு 'ஏழு வாரம், அதாவது ரெண்டு மாசம்' என்று கூட்டுவது. ஏழு வாரம் இரண்டு மாதம் ஆகாது, அது 49 நாள். வாரத்தை மாதமாக மாற்றும் வேலையே வேண்டாம். பிறந்த தேதி இருக்கும் இடத்தில் பிரசவத்துக்குக் குறித்த தேதியை, அதாவது ஸ்கேனில் ஈடிடி என்று போட்டிருப்பார்களே அதை, வைத்துவிட்டு முன்பு சொன்ன மாதிரியே 18 காலண்டர் மாதம் போங்கள். ஆகஸ்ட் 31-லிருந்து 49 நாள் தள்ளினால் 2024 அக்டோபர் 19. அதிலிருந்து ஒரு வருடம், 2025 அக்டோபர் 19. இன்னும் ஆறு மாதம், 2026 ஏப்ரல் 19. உங்கள் மகனுக்கு வளர்ச்சிப் பரிசோதனைக்கான பதினெட்டு மாதம் அன்றுதான் நிறைகிறது.

ஆனால் அக்டோபர் 19 சரிதானா என்று ஒருமுறை ஃபைலை எடுத்துப் பாருங்கள். கர்ப்ப காலத்து ஸ்கேன் ஒவ்வொன்றிலும் ஒரு ஈடிடி இருக்கும், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கடைசி மாதங்களில் எடுத்த ஸ்கேன் குழந்தையின் அளவைப் பார்த்துத் தேதி சொல்கிறது, குழந்தை சிறியதாக இருந்தால் தேதி பின்னால் போய்விடும், அதை நம்பி எண்ணினால் திருத்தம் தேவைக்கு மேல் ஆகிவிடும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் உள்ளதே நம்பகமானது. டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிய 33 வாரமும் அந்த ஸ்கேனும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டையும் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி ஒரு தேதியை முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, 'எட்டாம் மாசத்துல பிறந்தான்' என்று வாயால் சொல்வதை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. அதுவும் நடப்பு மாதம்தான், எத்தனை வாரம் என்று அதில் தெரியாது.

இவ்வளவு கறாராக ஏன் பார்க்கிறேன் என்றால், பரிசோதனையில் நிரப்பும் கேள்வித்தாள் வயதுக்கு வயது வேறு. பரவலாகப் பயன்படும் ஏஎஸ்கியூ-3 கேள்வித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 18 மாதத் தாள் 17 மாதம் நிறைந்த நாளிலிருந்து 18 மாதம் 30 நாள் வரைக்கும் உள்ள குழந்தைக்கு. மூன்று வாரமோ அதற்கு மேலோ முன்னதாகப் பிறந்திருந்தால் இரண்டு வயது வரைக்கும் திருத்திய வயதைத்தான் போட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நீங்கள் பிப்ரவரி 28-க்குப் போனால் அன்று அவனுடைய திருத்திய வயது 16 மாதம் 9 நாள். யாராவது பிறந்த தேதியை மட்டும் பார்த்து 18 மாதத் தாளை நிரப்பினால், பதினாறு மாதக் குழந்தையைப் பதினெட்டு மாதக் குழந்தைகளோடு நிறுத்தி அளந்ததாகிவிடும், தாமதம் என்று எழுதி அனுப்புவார்கள், நீங்கள் இரவெல்லாம் தூங்காமல் கிடப்பீர்கள். இப்படி எழுதி வாங்கிக்கொண்டு அழுதபடி வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

நடக்காததைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் இதே கணக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்து வகுத்த அளவின்படி, பிடிக்காமல் தனியே நடப்பது 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையில் வருகிறது. பிப்ரவரி இறுதியில் உங்கள் மகன் பிடித்துக்கொண்டு நடந்தால் அவன் இன்னும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறான். ஏப்ரல் 19-லும் தனியே ஓரடி வைக்கவில்லை என்றால் எல்லையைத் தாண்டிவிட்டான், அப்போது கால்களின் இறுக்கத்தையும் அனிச்சைச் செயல்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

திருத்திய வயதைச் சாக்காக வைத்துக் காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. பேசிக்கொண்டிருந்த சொல்லை விட்டுவிட்டான், முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால் எந்தத் தேதிக்கும் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போங்கள். எப்போதும் ஒரே கையால்தான் எடுக்கிறான், இன்னொரு கை சும்மா மடங்கியிருக்கிறது என்றாலும் அப்படியே. இந்த வயதில் ஒரு கைப் பழக்கம் வந்துவிட்டதே என்று சந்தோஷப்படுவார்கள், அது மறுபக்கம் பலவீனமாக இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். நிற்க வைத்தால் நுனிக்காலிலேயே விறைத்து நிற்பது, கூப்பிட்டால் திரும்பாதது, இவையும் அதே வரிசை. குறைமாதத்தில் பிறந்தவன் என்பதால் இவற்றை நான் கூடுதல் கவனத்தோடு கேட்பேன். காது கேட்கும் பரிசோதனை செய்தார்களா என்பதையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் தேடிப் பாருங்கள்.

தடுப்பூசியில் மட்டும் கணக்கு தலைகீழ். அதற்குத் திருத்தம் கிடையாது, பிறந்த தேதிதான். அரசுத் திட்டத்தில் டிபிடி முதல் பூஸ்டர், போலியோ சொட்டு மருந்து பூஸ்டர், தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணை மூன்றும் 16-லிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டியவை. அவனுக்கு 16 மாதம் 2025 டிசம்பர் 31-லேயே நிறைந்துவிடுகிறது. இன்னும் போடவில்லை என்றால் ஏப்ரல் வரைக்கும் இழுக்காமல் இப்போதே போய்ப் போட்டுவிடுங்கள், வளர்ச்சிப் பரிசோதனையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

ஏப்ரல் 19 ஞாயிற்றுக்கிழமை, அதனால் மறுநாள் 20-ஆம் தேதிக்கு நேரம் வாங்குங்கள். அன்று கிடைக்கவில்லை என்றாலும் ஒன்றுமில்லை, திருத்திய கணக்கில் 17 மாதம் நிறையும் மார்ச் 19-லிருந்து மே மாத நடு வரைக்கும் எந்த நாளில் போனாலும் அதே 18 மாதத் தாள்தான். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் ஸ்கேன் ரிப்போர்ட், தாய் சேய் அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். அட்டையின் முகப்பில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் '33 வாரம், ஈடிடி 19-10-2024' என்று பேனாவால் எழுதிவிடுங்கள், தேதி முதலில், மாதம் அடுத்து. தாளை நிரப்புகிறவர் வயதைப் போடும்போது எந்தத் தேதியிலிருந்து கழிக்கிறார் என்று பாருங்கள், பிறந்த தேதியை எடுத்தால் அங்கேயே சொல்லுங்கள்.