மழைக்கால எலுமிச்சையும் மே மாத வருமானமும்

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, வெளியே வேலைக்குப் போக முடியாது. வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்றால் மாதாமாதம் நம்பக்கூடிய அளவுக்குப் பணம் வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வரும். என் தங்கைக்கு வருகிறது, செலவு போக மாதம் சுமார் 12 ஆயிரம். ஆனால் அந்த இடத்துக்கு வர அவளுக்கு மூன்று வருஷம் ஆனது. முதல் வருஷத்தில் பாதி மாதங்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்றுதான் கையில் நின்றது. அவளுடைய கணக்கு நோட்டை எழுதுவது நான்தான், அதனால் எந்தப் பக்கம் காசு வந்தது, எந்தப் பக்கம் போனது என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

வீடு புளியங்குடிப் பக்கம். அந்த ஊரின் எலுமிச்சைச் சந்தை பெயர் போனது, தெரிந்திருக்கும். பையனுக்கு ஒரு வயது ஆனபோது ஆரம்பித்தாள். எல்லாரையும் போல அவளும் முதலில் சொந்தக்காரர்களுக்கும் பக்கத்து வீடுகளுக்கும்தான் விற்றாள், மாவடு, நார்த்தங்காய், பூண்டு, இஞ்சித் தொக்கு என்று கேட்டதையெல்லாம் போட்டாள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் நல்லா ஓடும், அப்புறம் இரண்டு மாதம் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஒரு வீட்டில் கால் கிலோ ஊறுகாய் தீர எவ்வளவு நாள் ஆகும் என்று யோசித்தால் காரணம் புரிந்துவிடும். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு பாட்டில் இரண்டு மாதம் கூட ஓடும்.

மாறியது எப்போது என்றால், ஒரு கல்லூரி விடுதியின் சமையல்காரம்மா வாரத்துக்கு 5 கிலோ எலுமிச்சை ஊறுகாய் கேட்டபோது. விடுதியில் தயிர்சாதத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் தினமும் ஊறுகாய் வேண்டும், பொங்கலா தீபாவளியா என்று பார்க்காது. அதைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மெஸ், அப்புறம் இன்னொரு மெஸ், ஒரு தயிர்சாத வண்டிக்கடை என்று சேர்ந்தன. எல்லாம் சேர்த்து இப்போது மாதம் 60 கிலோ போகிறது. கிலோ 230 ரூபாய். கடையில் பாட்டிலாக விற்பதைவிட ரொம்பக் குறைந்த விலைதான், ஆனால் விடுதிக்கு லீவு விடுகிற வாரங்களைத் தவிர நிற்காது.

இங்கேதான் ஒரு சிக்கல். எலுமிச்சை விலை வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மழைக்குப் பிறகு காய் குவிகிற சமயத்தில் கிலோ 40 ரூபாய்க்கும் கிடைக்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். அதே காய் ஏப்ரல், மே மாதத்தில் 150, 180 என்று நிற்கும், எல்லாரும் ஜூஸ் குடிக்கிற காலம். மெஸ்காரரிடம் போய் "இந்த மாசம் கிலோவுக்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுங்க அண்ணாச்சி" என்றால் அவர் மறுபேச்சு பேசாமல் கம்பெனி டப்பாவுக்கு மாறிவிடுவார், திரும்பி வரவும் மாட்டார்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 10 கிலோ காய்க்கு உப்பு 2 கிலோ, மிளகாய்த்தூள் 1 கிலோ, நல்லெண்ணெய் இரண்டரை லிட்டர், அதோடு வெந்தயம், பெருங்காயம், கடுகு, மஞ்சள். காய் 40 ரூபாய்க்கு வாங்கினால் எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் ஆகிறது, இதில் எண்ணெய் மட்டுமே பாதி. விதை, அடிபட்ட காய் எல்லாம் கழித்து 14 கிலோ ஊறுகாய் தேறும். கிலோவுக்கு 132 ரூபாய். கவர், கேஸ் எல்லாம் சேர்த்து 150 என்று வையுங்கள், 230க்குக் கொடுத்தால் 80 ரூபாய் நிற்கிறது. இதே காயை மே மாதத்தில் 180க்கு வாங்கினால் கிலோவுக்கு அடக்கமே 250 ஆகிவிடும். அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் 20 ரூபாய் கையிலிருந்து போட்டுக் கொடுக்க வேண்டும். மாதம் 60 கிலோ என்றால், 4,800 வர வேண்டிய இடத்தில் 1,200 நஷ்டம். நான் பார்த்த வரை வீட்டு ஊறுகாய் வியாபாரங்கள் கோடையில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான், ருசி சரியில்லை என்பதால் இல்லை.

அதனால் அவள் செய்வது இதுதான். காய் மலிவாக இருக்கும் வாரங்களிலேயே நாலு மாதத்துக்குத் தேவையானதை, சுமார் 240 கிலோ, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி உப்பில் போட்டு வைத்துவிடுகிறாள். ஒரே நாளில் அவ்வளவும் நறுக்க முடியாது, ஒரு தடவைக்கு 25 அல்லது 30 கிலோ. முதல் முறை இதற்கான பணத்தை மகளிர் குழுவில் 10 ஆயிரம் கடன் எடுத்துத்தான் போட்டாள்.

முறை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தோல் மெல்லிசாக, நன்றாகப் பழுத்த காயாகப் பார்த்து வாங்க வேண்டும். பச்சையும் தடித்தோலும் எத்தனை நாள் ஊறினாலும் கசப்பு விடாது. கழுவித் துணியால் துடைத்து, ஈரம் போக விசிறிக் காற்றில் பரப்பி வைத்து, எட்டுத் துண்டாக நறுக்கி, விதையை எடுத்து, கிலோவுக்கு 200 கிராம் கணக்கில் பொடித்த கல்லுப்பும் மஞ்சளும் கலந்து, உணவுக்கு உரிய பிளாஸ்டிக் டிரம்மிலோ பீங்கான் ஜாடியிலோ போட வேண்டும். அலுமினியம் கூடவே கூடாது, உப்பும் புளிப்பும் சேர்ந்து பாத்திரத்தை அரித்துவிடும். இரண்டு மூன்று வாரம் தினமும் காய்ந்த மரக்கரண்டியால் அடிமேலாகக் கிளறிவிட வேண்டும். முதல் இரண்டு நாளில் சாறு இறங்கித் துண்டுகள் மூழ்கும், அதற்குப் பிறகு மேலே மிதக்கிறதை அழுத்தி உள்ளே தள்ளி மேலே கனமாக ஒரு பீங்கான் தட்டை வைத்துவிடுவாள். சாற்றுக்கு மேலே நிற்கிற துண்டில்தான் முதலில் வெள்ளையாகப் பூசணம் படியும். தோலை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், மஞ்சள் நிறம் மங்கி லேசாகப் பழுப்பேற வேண்டும், அதுவரைக்கும் காரம் சேர்ப்பதில்லை. இப்படி உப்புநீரில் மூழ்கிக் கிடக்கிற காய் அடுத்த மழை வரைக்கும் தாங்குகிறது. தேவைக்கு வாரம் ஒரு முறை எடுத்து, மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் கலந்து, கடுகு தாளித்து ஆறிய எண்ணெயை ஊற்றினால் சரி.

குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நறுக்குகிற வேலை முழுக்க இரவில், பையன் தூங்கிய பிறகு. கையுறை போடாமல் 25 கிலோ நறுக்கினால் நகக்கண்ணில் புண் வந்துவிடும், மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டக்கூட முடியாது. மிளகாய் வறுப்பது, தாளிப்பது இரண்டும் பையன் அவளுடைய மாமியாரோடு பால்வாடிக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும். அந்த நெடியைப் பிள்ளை இருக்கிற வீட்டில் கிளப்பக் கூடாது. மாமியார் இல்லை என்றால் இந்தத் தொழில் இந்த அளவுக்கு வந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வகைகளையும் குறைத்துவிட்டாள். இப்போது எலுமிச்சை, தக்காளித் தொக்கு, பூண்டு மூன்றுதான் வருஷம் முழுக்க, மாவடு அந்தக் காலத்தில் மட்டும். தொக்கில் கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால். ஓரத்தில் எண்ணெய் பிரிந்துவிட்டது என்று சீக்கிரம் இறக்கினால் உள்ளே நீர் இருக்கும், பத்து நாளில் பாட்டிலுக்குள் சின்னச் சின்னக் குமிழி ஏறி மூடி உப்பும். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்து ஐந்து நிமிஷம் விட்டுப் பாருங்கள், சுற்றிலும் எண்ணெய் மட்டும் கசிந்தால் சரி, நீர் வளையம் கட்டினால் மறுபடியும் அடுப்பில் ஏற்ற வேண்டியதுதான். பூண்டு இன்னும் ஆபத்து. பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வைத்தால், புளிப்பும் காற்றும் இல்லாத இடத்தில் போட்யூலிசம் என்கிற நோயைக் கொண்டுவரும் விஷத்தை உண்டாக்கும் கிருமி வளரலாம், அது வாசனையிலோ நிறத்திலோ தெரியாமலும் போகலாம். அதனால் பூண்டை வதக்கி, கெட்டிப் புளிக்கரைசலிலும் எலுமிச்சைச் சாற்றிலும் வேகவைத்துத்தான் போடுகிறாள். புளிப்புக் குறைத்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதில்லை.

விடுதிக்குள் நுழைய அவளிடம் முதலில் கேட்டது உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். அவள் எடுத்த சமயத்தில் வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய், foscos.fssai.gov.in தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அந்த 14 இலக்க எண்ணோடு, சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், விலை, முகவரி, பச்சைப் புள்ளி எல்லாம் லேபிளில் வர வேண்டும். கூரியரில் சென்னை, பெங்களூர் என்று அனுப்பச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். எண்ணெய் கசிகிறது, கூரியர் கூலி ஊறுகாய் விலைக்கு நெருக்கமாக வருகிறது, வெளிமாநிலத்துக்கு விற்கப் போனால் தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதால் அந்தப் பக்கம் அவள் போகவில்லை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இப்போது ஒரு மாதம் எப்படி இருக்கிறது என்றால், மொத்த வியாபாரம் 60 கிலோவில் 4,800. வாட்ஸ்அப்பில் கேட்டு நேராக வாங்குகிறவர்களுக்கு 300 கிராம் பாட்டில் 110 ரூபாய், அடக்கம் 60, மாதம் 120 பாட்டில் போனால் 6,000. மூன்று மளிகைக் கடைகளில் கமிஷன் 25 ரூபாய் போய்ப் பாட்டிலுக்கு 25தான் நிற்கும், 100 பாட்டிலுக்கு 2,500. பெட்ரோல், ஆட்டோ 1,300 கழிந்தால் 12 ஆயிரம். அவளுடைய உழைப்புக்குத் தனியாக எதுவும் போடவில்லை, இந்த 12 ஆயிரம்தான் அவள் கூலியும் லாபமும்.

கடைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, "வித்ததும் தர்றேன்" என்று சொல்லி மாதக்கணக்கில் இழுப்பார்கள். புது சரக்கு இறக்கும்போது பழைய பாக்கியை வாங்கிக்கொண்டுதான் இறக்குவது என்று அவள் வைத்துக்கொண்டதில் ஒரு கடை கழன்றுகொண்டது, மற்ற மூன்றும் ஒழுங்காகத் தருகின்றன. மெஸ்கள் மாதம் பிறந்து முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுகின்றன.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் பாட்டிலும் லேபிளும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊரில் இரண்டு மெஸ்ஸில் போய், இப்போது ஊறுகாயை என்ன விலைக்கு வாங்குகிறார்கள், வாரத்துக்கு எத்தனை கிலோ ஆகிறது என்று கேளுங்கள். கிலோ 180க்குக் கீழே வாங்குகிறோம் என்றால், நல்லெண்ணெயில் போட்டு அந்த விலைக்குக் கொடுக்க முயலாதீர்கள். கிலோவுக்கு முப்பது ரூபாய் கூட நிற்காது, அடுத்த மெஸ்ஸைப் பாருங்கள்.