தாத்தாவின் மெடல்கள் அசலா? ரிப்பனை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: "எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு வட்ட வெள்ளி மெடல், இரண்டு நட்சத்திர மெடல்கள், யானை போட்ட தொப்பிச் சின்னம் ஒன்று கிடைத்தன. வெள்ளி மெடல் முதல் உலகப் போருக்குப் போன கொள்ளுத்தாத்தாவுடையது. விளிம்பில் அவர் பெயரும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றும் சாய்ந்த எழுத்தில் இருக்கிறது. நட்சத்திரங்கள் பர்மாவில் இருந்த தாத்தாவுடையவை. அவற்றின் ரிப்பன் பளபளவென்று புதுசாக இருக்கிறது. பழம்பொருள் வாங்குபவர் 'ரிப்பனே புதுசு, எல்லாம் டூப்ளிகேட்' என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?"

ரிப்பனை வைத்து மெடலையே தள்ளிவிட்டால், அவர் அவசரப்படுகிறார், அல்லது விலையைக் குறைக்கப் பார்க்கிறார். மெடல், அதில் உள்ள பெயர், அதில் கோத்த ரிப்பன் மூன்றுக்கும் தனித்தனி வயது இருக்கலாம். உலோகம் நூறு வருஷம் தாங்கும். ரிப்பன் வெயிலிலும் பூச்சியிலும் இற்றுப்போகும், யாராவது புதுசு வாங்கிக் கோப்பார்கள். அணிவகுப்புக்குப் போகும் முன்னாள் வீரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. மறுபக்கம், அழுக்கேறிய பழைய ரிப்பனைத் தேடிப்பிடித்துப் போலி மெடலில் மாட்டிவிடுகிற வியாபாரிகளும் உண்டு. அதனால் ரிப்பன் பழசு என்பதும் சாட்சியில்லை, புதுசு என்பதும் குற்றமில்லை.

ஆனாலும் ரிப்பனிடம் ஒன்றிரண்டு விஷயம் கேட்கலாம். முதலில் நிறம். 1939-45 நட்சத்திரத்தின் ரிப்பன் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சம பட்டைகள். முறையே கடற்படை, தரைப்படை, விமானப்படை. பர்மா நட்சத்திரத்துக்கு நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவே ஓர் ஆரஞ்சுக் கோடு. இரண்டும் இடம் மாறிக் கோத்திருந்தால், பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் அர்த்தம். அடுத்து புற ஊதா டார்ச். இருட்டறையில் அடித்துப் பார்த்தால் இன்றைய செயற்கை நூல் பெரும்பாலும் வெளிர்நீலமாக ஒளிரும், பழைய பருத்தி நூல் மங்கலாகவே கிடக்கும். இதிலும் ஒரு வில்லங்கம். பாட்டி அந்தப் பழைய ரிப்பனைச் சோப்புத்தூளில் அலசியிருந்தால் அதுவும் ஒளிரும், ஏனென்றால் சோப்புத்தூளிலேயே வெண்மையூட்டி இருக்கிறது. ரிப்பனை அத்தோடு விட்டுவிடுங்கள்.

நட்சத்திரங்களைத் திருப்பி முதுகைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியர், தென்னாப்பிரிக்கர், ஆஸ்திரேலியர் ஆகியோருக்குப் பின்பக்கத்தில் பெயரை அச்சு குத்திக் கொடுத்தார்கள். உங்கள் தாத்தாவுடையதில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் குத்தியிருந்தால் நல்ல அறிகுறி. முதுகு வெறுமையாக இருந்தால் அது அசல் நட்சத்திரமாகவே இருக்கலாம், ஆனால் தாத்தாவுடையதுதான் என்று அந்த உலோகத்தைக் கொண்டு சொல்ல முடியாது. தொலைந்ததற்குப் பதிலாகக் கடையில் வாங்கியதாக இருக்கலாம்.

நகல் நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு லென்ஸ் போதும். அசல் என்பது தகட்டை அச்சில் வைத்து அடித்தது. நடுவில் உள்ள அரச முத்திரையும் வளையத்தைச் சுற்றிய எழுத்தும் விளிம்பு கட்டி நிற்கும். வார்ப்பு நகலில் எழுத்து சோப்பில் செய்த மாதிரி மழுங்கலாக இருக்கும். குழிவான இடங்களில் ஊசி முனை அளவு பள்ளங்கள், பக்கவாட்டில் அச்சு இணைந்த தழும்பு, அதை அரம் போட்டு ராவிய கோடுகள் தெரியும். இன்னொரு சோதனைக்கு லென்ஸ்கூட வேண்டாம். பர்மா நட்சத்திரமும் பசிபிக் நட்சத்திரமும் ஒரே ஆளுக்குக் கொடுக்கப்படவில்லை. இரண்டுக்கும் தகுதி இருந்தால் ஒரு நட்சத்திரம், அதன் ரிப்பனில் மற்றதைக் குறிக்கும் ஒரு சிறு பட்டை, அவ்வளவுதான். ஒரே மனிதருடைய வரிசை என்று சொல்லி இரண்டையும் சேர்த்து மாட்டி விற்றால், சேர்த்தது வியாபாரி.

இனி அந்த வெள்ளி மெடல். உங்கள் பெட்டியில் எனக்கு ஆவலும் சந்தேகமும் ஒன்றாகத் தருவது அதுதான்.

முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் மகுடமில்லாத தலை, பின்பக்கம் குதிரை மேல் ஆடையில்லாத வீரன், 1914, 1918 என்ற வருஷங்கள் இருந்தால் அது பிரிட்டிஷ் வார் மெடல். விட்டம் 36 மில்லிமீட்டர். தொழிலாளர் படைப்பிரிவுகளில் இருந்த பலருக்கு இதே மெடலை வெண்கலத்தில் கொடுத்தார்கள். அதனால் வெள்ளியாக இல்லை என்பதற்காக மட்டும் யாரும் போலி என்று சொல்லிவிட முடியாது. படைவீரர்களுக்குக் கொடுத்ததில் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் நேரான பெரிய எழுத்துகளில் குத்தியிருக்கும்.

நீங்கள் சொல்கிற சாய்ந்த எழுத்து இங்கேதான் இடறுகிறது. சாய்வெழுத்து என்றாலே போலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1895-இன் இந்தியா மெடலை இந்தியப் படைகளுக்குக் கூட்டெழுத்தில் செதுக்கித்தான் கொடுத்தார்கள். முதல் உலகப் போர் மெடலுக்கு அது பொருந்தாது. அதோடு பிரிவின் பெயரும் உதைக்கிறது. அந்தப் போரில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று ஒரு பிரிவு இல்லை. நம் ஊர்க்காரர்கள் 73, 75, 79, 80, 86 என்று எண் போட்ட கர்நாடிக் இன்ஃபன்ட்ரிகளிலும், 2-வது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படையிலும் இருந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற பெயர் 1922 சீரமைப்பில் வந்தது. பிறகு அதைக் கலைத்து, இரண்டாம் உலகப் போரில் மறுபடி எழுப்பினார்கள். ஆக, அந்தப் பெயரைப் பின்னாளில், அதுவும் 1922-க்குப் பிறகே, யாரோ எழுதியிருக்க வேண்டும்.

எழுத்து குத்தியதா செதுக்கியதா என்று உறுதி செய்ய, மெல்லிய தாளை விளிம்பின் மேல் இறுக்கிப் பிடித்து மென்மையான பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஒரே எழுத்து இரண்டு மூன்று இடங்களில் வருமல்லவா, அவற்றை ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் குத்தியவை அச்சு அசலாக ஒத்துப்போகும். உளியால் செதுக்கியவை ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது வேறுபடும். லென்ஸில் பார்த்தால் கோட்டின் அடி கூர்மையாக இருக்கும், கோடு முடியும் இடத்தில் உளி வழுக்கிய மெல்லிய வால் இருக்கும்.

அப்புறம் அளவு. வெர்னியர் காலிபரை வைத்து, மெடலில் ரிப்பனைக் கோக்கும் கொக்கி இருக்கும் இடத்தைத் தவிர்த்து நாலைந்து திசைகளில் விட்டத்தை எடுங்கள். பழைய பெயரை அழிக்க விளிம்பை ராவியிருந்தால், ராவிய திசையில் அளவு இறங்கும். முழு விளிம்பையும் கடைசலில் போட்டிருந்தால் எல்லாத் திசையிலும் 36-க்குக் குறையும், முன்பக்கத்தின் எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் ஒடுங்கும்.

என்னிடம் ஒரு குடும்பம் கொண்டு வந்த மெடலைச் சொல்கிறேன். சரியாக உங்கள் கதைதான், சாய்ந்த எழுத்தில் தாத்தா பெயர். மேல் சாய்வில் அளந்தால் 36.0, பெயருக்குக் குறுக்கே அளந்தால் 35.6. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொக்கியின் நகம் விளிம்பைக் கவ்வுகிற மூலையில் அரம் எட்டவில்லை. அங்கே ஓர் எண்ணின் பாதியும், நேரான பெரிய எழுத்து ஒன்றின் அடிக்காலும் மிச்சமிருந்தன. வேறு யாருக்கோ கொடுத்த மெடல் அது. அவர்களிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கூட வந்த பாட்டி, "அதுதான் தெரியுமே" என்றார். கஷ்ட காலத்தில் மாமனார் தன் மெடலை வெள்ளி விலைக்கு விற்றுவிட்டாராம். வசதி வந்த பிறகு சந்தையில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்து வாங்கி, பத்தரிடம் கொடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டாராம். மெடல் அசல், பெயரும் உண்மை, இரண்டுக்கும் சம்பந்தம் மட்டும் இல்லை. சேகரிப்பாளர் அதற்கு வெள்ளி விலைக்கு மேல் அதிகம் தரமாட்டார். அந்த வீட்டில் அது இன்னும் சுவரில்தான் மாட்டியிருக்கிறது, மாட்டியதும் சரிதான்.

உங்களுடையதும் அப்படி இருக்கலாம், அல்லது வியாபாரி கைவரிசையாகவும் இருக்கலாம். விளிம்பில் பழைய எழுத்தின் மிச்சம் கிடைத்தால் முதலில் அதைப் படமெடுங்கள். பதிலாக அரசே வழங்கியது என்றால் விளிம்பில் "டூப்ளிகேட்" அல்லது "ரீப்ளேஸ்மென்ட்" என்ற ஆங்கிலச் சொல் குத்தியிருக்கலாம். அதைப் போலி என்று படித்துவிடாதீர்கள், அது முறைப்படி மறுமுறை கொடுத்தது. உங்கள் வியாபாரி சொன்ன டூப்ளிகேட் வேறு, இது வேறு. "காப்பி" என்று குத்தியிருந்தால்தான் நகல். அந்தச் சொல்லை ராவி எடுப்பவர்களும் உண்டு என்பதால், அங்கேயும் காலிபர்தான் பேசும்.

ஒரு வேண்டுகோள், இவ்வளவும் பார்த்து முடிக்கிற வரை மெடலைத் தேய்க்காதீர்கள். வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி என்று நம் வீடுகளில் கை தானாகப் போய்விடும். கொக்கியின் மூலையில் ஒட்டியிருக்கும் அந்த அரை எண் அதில்தான் முதலில் போகும்.

யானைச் சின்னத்துக்கு ஒரு வரி போதும். 1803-இல் நடந்த அசாயே போரின் நினைவாக வந்த அந்த யானையை மெட்ராஸ் ரெஜிமெண்ட் இன்றும் அணிகிறது, அதனால் யானையை வைத்து வயதைச் சொல்ல முடியாது. திருப்பிப் பாருங்கள். அச்சில் அடித்ததில் முன்பக்க மேடு பின்பக்கப் பள்ளமாகத் தெரியும், வார்த்ததில் முதுகு தட்டையாகக் கனமாக இருக்கும். சின்னத்தில் எங்காவது மகுடம் இருந்தால் 1950-க்கு முந்தைய வடிவம். அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசுக்குப் பிந்தையது. பர்மாவில் தொப்பியில் இருந்ததாக வீட்டில் சொல்லும் சின்னத்தில் சிங்கம் இருந்தால், தாத்தா சுதந்திரத்துக்குப் பிறகும் படையில் இருந்தாரா என்று கேளுங்கள். இருந்திருந்தால் 1947 இந்திய சுதந்திர மெடலும் கிடைத்திருக்க வேண்டும். காவி, வெள்ளை, பச்சை ரிப்பனில் வட்டமாக இருக்கும். பெட்டியின் அடியில் இன்னொரு முறை துழாவுங்கள்.

தாத்தாவின் படை எண் நட்சத்திரத்தின் முதுகிலோ அவருடைய பணிவிடுவிப்புப் புத்தகத்திலோ இருந்தால், அதைக் குறித்துக்கொண்டு உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் என்றால் வெலிங்டனுக்கும், சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுத வழி சொல்வார்கள். மெடலில் உள்ள எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், ரிப்பனைப் பற்றி அந்த வியாபாரி இனி என்ன சொன்னாலும் சொல்லட்டும்.