அட்வான்ஸும் பெயிண்ட் பில்லும்: கேள்வி பதில்

கேள்வி: மூணு வருஷம் குடியிருந்தோம் சார். பையன் ஹாலில் ஒரு சுவரில் கிரேயானால் கிறுக்கிட்டான். வீட்டுக்காரர் முழு வீட்டு பெயிண்ட் செலவையும் அட்வான்ஸில் பிடிக்கிறார்.

பதில்: கிறுக்கிய சுவருக்குப் பிடிக்கலாம். அதையும் முழுசாகப் பிடிப்பது நியாயமில்லை. பெயிண்டுக்கு ஆயுள் உண்டு. 5 வருடம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வந்தபோது புதிதாக அடித்திருந்தால், 3 வருடம் ஓடிவிட்டது. மிச்சமிருந்த 2 வருடத்தைத்தான் உங்கள் பையன் காலி செய்தான். மொத்த பில் 100, அதில் அந்தச் சுவரின் பங்கு 10 என்றால், உங்கள் கணக்கில் வருவது 4. மற்ற சுவர்கள் வெயிலில் மங்கியதும், காலண்டர் மாட்டிய இடம் மட்டும் பளிச்சென்று தெரிவதும் யார் குடியிருந்தாலும் வரும் தேய்மானம். அதற்குத்தான் வாடகை. கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தார் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் வரும்போதே அதற்கு 2 வயது என்றால், உங்கள் பங்கு பூஜ்யம்.

கேள்வி: நான் வீடு வாடகைக்கு விடுபவன். ஒரு சுவர் மட்டும் அடித்தால் நிறம் சேராது, ஹால் முழுக்க அடித்தாக வேண்டும். அந்தச் செலவு யாருடையது?

பதில்: நிறம் சேராது என்பது உண்மை. ஹால் முழுவதையும் கணக்கில் எடுத்து, மேலே சொன்ன 3 வருடக் கணக்குப்படி ஐந்தில் இரண்டு பங்கு கேட்பது தவறில்லை என்பேன். சேதமான சுவருக்கு மட்டும்தான் என்று சொல்பவர்களும் உண்டு. இது பேசித் தீர்க்க வேண்டியது. படுக்கையறைகளை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஆணி ஓட்டையும் தேய்மானம்தானே? அதற்கெல்லாம் காசு பிடிக்கவே முடியாது, அண்ணா.

பதில்: பாதி சரி. படம் மாட்டிய சின்ன ஆணி ஓட்டையைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். டிவி மாட்டிய போல்ட்டைப் பிடுங்கும்போது காரை பெயர்ந்து வந்தால் அது சேதம். ஆணியே அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், சின்ன ஓட்டைக்கும் அடைக்கும் கூலி கேட்கலாம்.

கேள்வி: எனக்கு பெயிண்ட் பிரச்சினை இல்லை. கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிச்சுக்கச் சொல்லிட்டுப் போயிடலாமா?

பதில்: அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் சரி. நீங்களாகச் செய்தால் அது வாடகை பாக்கி. பாக்கியைப் பிடிப்பதில் எந்தத் தகராறும் இல்லை.

கேள்வி: படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. ஜன்னலைத் திறக்காதது நாங்கள்தானாம்.

பதில்: பீரோவுக்குப் பின்னால் மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தால், காற்றோட்டம் இல்லாததால் வந்திருக்கலாம். மஞ்சள் கறையோடு காரை உப்பி உதிர்ந்தால், வெளியிலிருந்தோ குழாயிலிருந்தோ தண்ணீர் கசிகிறது. அது வீட்டுக்காரர் வேலை. இரண்டும் சேர்ந்திருக்கும் வீடுகளும் பார்த்திருக்கிறேன். படம் போடுங்கள், பார்க்கலாம். அப்புறம், கசிவைப் பற்றி அவருக்கு முன்பே ஏதாவது மெசேஜ் அனுப்பினீர்களா?