எழுத்து ஒன்று, ஒலி இரண்டு: சத்தமாக வாசிக்கும்போது எதைச் சொல்வது?

கேள்வி: பாவம், பாகம், கதை மாதிரி சொற்களுக்கு எழுத்து ஒன்றுதான். ஆனால் பொருளுக்கு ஏற்ப உச்சரிப்பு மாறுகிறது. வாசிக்கும்போது இதுதான் என்று எதை வைத்து முடிவு செய்வது?

பார்வையற்ற மாணவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருகிறேன். கேட்பவருக்கு என் குரல் மட்டும்தான் கையில் இருக்கிறது, புரட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளப் பக்கம் கிடையாது. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

சிக்கல் எங்கே வருகிறது என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சொல்லின் நடுவில் வரும் வல்லின எழுத்துக்கு அதன் இடமே ஒலியைச் சொல்லிவிடும். ‘பக்கம்’ என்று இரட்டித்தால் வலிக்கும், ‘பங்கு’ என்று மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மெலியும், ‘அகம்’ என்று இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வந்தால் குழையும். யோசிக்காமலே வாய் இதைச் செய்துவிடுகிறது. தடுமாற்றமெல்லாம் பெரும்பாலும் முதல் எழுத்தில்தான். தமிழ்ச் சொல்லாக இருந்தால் முதல் எழுத்து வலித்தே ஒலிக்கும். வடமொழி, உருது, ஆங்கிலம் வழியாக வந்ததென்றால் மெலிந்தும் ஒலிக்கலாம்.

எழுத்தில் இதைக் காட்ட ஒரு பழைய வழி உண்டு. தமிழ் எழுத்தில் அச்சிட்ட சுலோகப் புத்தகங்களிலும் கீர்த்தனைப் புத்தகங்களிலும் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டிருப்பார்கள். மெலிந்த ஒலிகளுக்கு 3, 4. நம் வாயில் அந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால், என் வாசிப்புப் பிரதியில் மெலிய வேண்டிய எழுத்துக்கெல்லாம் 3 மட்டும் பென்சிலால் போடுவேன். பண்டிதர்கள் மன்னிக்கவும். ‘பல்’லில் வரும் ப சும்மா இருக்கும், ‘பஸ்’ஸில் வருவது ப³ ஆகும். இந்தப் பதிலிலும் அப்படியே எழுதுகிறேன்.

எல்லாச் சொல்லுக்கும் எண் போட வேண்டியதில்லை. ‘பயம்’, ‘பூமி’ போன்றவற்றை எப்படிச் சொன்னாலும் கேட்பவருக்கு வேறு பொருள் தோன்றாது. ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு பொருள் போட்டியிடும் சொற்களில்தான் நின்று முடிவு செய்ய வேண்டும்.

இப்போது முடிவு செய்யும் விதம். மகாபாரதத்தைச் சுருக்கிச் சொல்லும் ஒரு சிறுவர் நூலில், கடைசிப் போர்க் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பீமனும் துரியோதனனும் மோதுகிறார்கள். வரி இப்படி வருகிறது: “துரியோதனன் கதை முறிந்தது.” இன்னொரு நூலில் அதே இடத்தில்: “துரியோதனன் கதை முடிந்தது.” நடுவில் மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்து, றி இருந்த இடத்தில் டி. முதல் வரியில் உடைந்தது ஆயுதம், அதனால் க³தை. இரண்டாவதில் ஆள் தீர்ந்தான், அதனால் கதை. சூழல் இரண்டிலும் ஒன்றுதான், சுற்றிலும் ஆயுதச் சத்தம்தான் கேட்கிறது. “என்ன காட்சி” என்பதை மட்டும் துப்பாக வைத்துக்கொண்டவர் இரண்டையும் க³தை என்று வாசித்துவிடுவார். காட்சியைவிட, அந்தச் சொல்லை ஏற்கும் வினைக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். முறிவது, ஓங்குவது, சுழற்றுவது, தோளில் சாத்துவது என்றால் க³தை. சொல்வது, கேட்பது, முடிப்பது, அளப்பது என்றால் கதை. “பீமன் கதையை எடுத்தான்” என்றால் வினை இரண்டு பக்கமும் சாயும். அங்கே மட்டும் காட்சியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். குழப்பும் சொல்லை வாய் சொல்லி முடித்த பிறகுதான் துப்பே கண்ணில் படும். ஆகவே கண் வாய்க்கு முன்னால் ஓடி, வாக்கியத்தின் முற்றுவினையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நீண்ட வாக்கியங்களில் இதை வாசிக்கும் நேரத்தில் செய்ய முடியாது. பதிவுக்கு முன் ஒருமுறை மௌனமாகப் படித்து எண் போடுவது அதற்காகத்தான். பதிவு நடக்கும்போது முடிவு எடுப்பவருடைய குரல் சந்தேகச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி தயங்கும். காது பழகியவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முன்னால் வரும் சொல்லும் துப்பு தரும். ஆனால் ஒரே துப்பு எல்லாச் சொல்லுக்கும் ஒரே பக்கம் கை காட்டாது. ‘பாகம்’ என்பதற்கு முன்னால் எண் வந்தால் பகுதி என்று பொருள், பா³கம். முதல் பாகம், நாலில் ஒரு பாகம். சமையல் பக்குவம் என்றால் வலித்த பாகம், நளபாகத்தில் வருவது. பழைய சமையல் குறிப்பு ஒன்று இப்படிப் போகலாம்: “வெல்லம் இரண்டு பாகம், தண்ணீர் ஒரு பாகம் சேர்த்துக் கொதிக்கவிட்டு, பாகம் வந்ததும் இறக்கு.” முதல் இரண்டும் பா³கம், மூன்றாவது பாகம். எண் இல்லாமல் ‘வந்ததும்’ என்ற வினையோடு நிற்பதால் அது பக்குவம்தான் என்று தெரிகிறது. இதே பழக்கத்தில் சித்த மருத்துவக் குறிப்பை எடுத்தால் மாட்டிக்கொள்வோம். “சுக்கு ஒரு பலம்” என்பதில் எண் இருப்பதால்தான் அது வலித்த பலம், சுமார் 35 கிராம் எடை கொண்ட பழைய அளவு. எண் இல்லாமல் “உடம்புக்குப் பலம் தரும்” என்று வந்தால் ப³லம். எண் என்கிற துப்பு இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. எனவே “எண் வந்தால் மெலியும்” என்றெல்லாம் பொதுவிதி போட்டுக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் கூட்டாளிகளைத் தனியாகத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் வழி.

சில இடங்களில் பொருளைத் தேடவே வேண்டாம், இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும். “பாய் எழுந்து போனார்” என்றால் ‘ஆர்’ விகுதி வந்துவிட்டது, மரியாதைக்குரிய மனிதர், பா³ய். “பாய் கிழிந்து போனது” என்றால் கோரைப் பாய். “அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது?” என்பதில் பாட்டு மட்டும்தான் இருக்க முடியும். கண்ணாடிப் புட்டியாக இருந்தால் ‘பாட்டிலில்’ என்று இன்னொரு ‘இல்’ வந்திருக்கும். “அந்தப் பாட்டில் என்ன விலை?” என்றால் பா³ட்டில்.

மேலே இருக்கும் ‘அந்தப் பாட்டில்’ இரண்டிலும் ஒற்று மிகுந்திருப்பதைக் கவனித்தீர்களா? ஒற்று மிகுந்தால் வலித்த ஒலி, மிகாவிட்டால் மெலிந்த ஒலி என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சிலர் ‘அந்த பஸ்’ என்று ஒற்றில்லாமல் எழுதுவதும் இந்த எண்ணத்தில்தான். ஆனால் மெய்ப்பு பார்ப்பவர் விதிப்படி எல்லா இடத்திலும் ஒற்றுப் போட்டிருப்பார், வேறொருவர் எங்குமே போட்டிருக்க மாட்டார். ‘நளபாகம்’, ‘முகபாவம்’ இரண்டிலும் ஒற்று இல்லை. ஆனால் முன்னது வலித்தும் பின்னது மெலிந்தும் ஒலிக்கின்றன. ஒற்றை நான் சாட்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு மிகவும் கஷ்டம் கொடுப்பது ‘பாவம்’தான். பழிச்செயல், இரக்கம் இரண்டுக்கும் வலித்த பாவம். முகத்திலும் பாட்டிலும் தெரியும் உணர்ச்சி பா³வம். ‘பாவம் செய்தான்’, ‘பாவமாக இருந்தது’, ‘பாவம், குழந்தை’ எல்லாம் சிரமமில்லாதவை. ராகம், தாளம், அபிநயம் என்று துணைக்கு யாராவது வந்தால் பா³வம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இப்படி ஒரு வரி வந்தால் என்ன செய்வீர்கள்: “பாவமற்ற முகத்தோடு வாசலில் நின்றாள்.” பழியறியாத முகமா, உணர்ச்சியே காட்டாத முகமா? வினை உதவாது, நிற்பதற்கு இரண்டும் பொருந்தும். முகம் என்ற கூட்டாளியும் உதவாது, இரண்டும் முகத்தில்தான் தெரியும்.

இந்த மாதிரி இடத்தில் வாக்கியத்தை விட்டு வெளியே வர வேண்டியதுதான். அடுத்த வரி “கண்கூட இமைக்கவில்லை” என்று போனால் பா³வம். “இவளா திருடியிருப்பாள் என்று எல்லோருக்கும் தோன்றியது” என்று போனால் பாவம். அடுத்த வரி கை கொடுக்கவில்லை என்றால் அதே எழுத்தாளர் அதே நூலில் வேறு இடங்களில் எப்படி எழுதுகிறார் என்று தேடுவேன். உணர்ச்சிக்கு எப்போதும் ‘முகபாவம்’ அல்லது ‘பாவனை’ என்றே எழுதுகிறவர் என்றால், தனியாக நிற்கும் ‘பாவம்’ பெரும்பாலும் மற்றதுதான். எழுத்தாளரிடம் கேட்க முடிந்தால் கேட்டுவிடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம். சிலர் வேண்டுமென்றே இரண்டு பொருளும் தொனிக்க எழுதுவார்கள். கண்ணுக்கு அது விருந்து, வாய்க்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அப்போது கதையின் ஓட்டத்துக்கு எது இல்லாவிட்டால் அடுத்த பத்தி புரியாதோ அந்த ஒலியைச் சொல்லிவிட்டு மேலே போவேன்.

தெரியாத சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது இணையத்திலும் தேடலாம். அங்கே தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் கொடுத்திருக்கும் உச்சரிப்பை நம்பாதீர்கள். அது எழுத்தை அப்படியே பெயர்த்தது என்பதால் இரண்டு பாவத்துக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். சொல் எந்த வடமொழி மூலத்திலிருந்து வந்தது என்று தனியே குறித்திருப்பார்கள், ஒலி அங்கேதான் இருக்கிறது. அதிலும் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பழிச்செயலைக் குறிக்கும் பாவத்தின் மூலம் ‘பாப’. அதன் நடு எழுத்து தமிழுக்கு வரும்போது ‘வ’ ஆகிவிட்டது, முதல் எழுத்து வலித்தபடியே நின்றது. உணர்ச்சியைக் குறிப்பது ‘பா³வ’, அதன் நடுவில் முதலிலிருந்தே ‘வ’தான். பேருந்துக் காலத்துச் சொற்களுக்கு, அதாவது பாட்டில், பார், பாடி வகையறாவுக்கு, அந்த அகராதி உதவாது. அவற்றுக்கு மேலே சொன்ன விகுதியும் வேற்றுமை உருபும்தான் துணை.