துபாய்ல வாடகைக்கு நாலு செக் எழுதுறப்போ கவனிக்க வேண்டியது

"அண்ணா, துபாய் வந்து மூணு மாசம் ஆகுது. அல் குசைஸ்ல ஒரு 1பிஎச்கே பேசி முடிச்சிருக்கோம், வருஷ வாடகை 56,000 திர்ஹம், நாலு செக். ஊர்ல ஜிபேலயே ஓட்டினவன், வாழ்க்கைல ஒரு செக்கும் எழுதினது கிடையாது. பேரு, தொகை, தேதி எல்லாம் எப்படி எழுதணும், கிராஸ் பண்ணணும்னு ஏஜென்ட் சொல்றார், அது என்ன? பின்தேதி போட்டு இப்பவே குடுக்குறதுல சிக்கல் ஏதும் வருமா?"

தம்பி, முதல்ல ஒண்ணு, ஏஜென்ட் ஆபீஸ்ல உக்காந்து அவசரமா எழுதாதீங்க. முந்தின நாள் ராத்திரி வீட்ல மேஜைல, உங்க சொந்த பேனால, நிதானமா எழுதுங்க. சொந்த பேனான்னு சும்மா சொல்லல, எழுதினது கொஞ்ச நேரத்துல மறைஞ்சு போற மையெல்லாம் கடைல கிடைக்குது, அதை வச்சு பேரையும் தொகையையும் மாத்தி ஏமாத்துற வேலை உலகம் பூரா நடக்குது. கருப்பு இல்லன்னா கருநீல பால்பாயின்ட் போதும். புதுசா கணக்கு திறந்தவங்களுக்கு முதல் செக் புக்ல பெரும்பாலும் 10 லீஃப்தான் இருக்கும், அதுல நாலு வாடகைக்கே போயிடும், அதனால லீஃபை வீணடிக்காம இருக்க முதல்ல ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிப் பாத்துக்கோங்க.

பேரு எழுதுற இடத்துல ஏஜென்ட் பேரோ, அவர் சொல்ற "கம்பெனி பேரோ" எழுதிடாதீங்க. வாடகை ஒப்பந்தத்துல ஓனர்னு யார் பேரு இருக்கோ அதே ஸ்பெல்லிங், ஒரு எழுத்து மாறாம. வீட்டு பத்திரத்தோட நகலைக் கேளுங்க, ரெண்டுலயும் ஒரே பேரான்னு பாருங்க. ஓனருக்கு பதிலா மேனேஜ்மென்ட் கம்பெனி வாங்கும்னா, அந்த கம்பெனிக்கு ஓனர் குடுத்த அதிகார பத்திரத்தைப் பாத்துட்டு எழுதுங்க. "பேரை காலியா விடுங்க, நாங்க சீல் வச்சுக்கிறோம்"னு சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க.

இப்ப கிராஸிங். செக்கோட இடது மேல் மூலைல சாய்வா ரெண்டு இணை கோடு, நடுவுல "அக்கவுண்ட் பேயீ ஒன்லி"ன்னு இங்கிலீஷ்ல. சில பேங்க் செக்ல இது அச்சாகியே வரும், அப்ப நீங்க எழுத வேண்டாம். வெறும் ரெண்டு கோடு மட்டும் போட்டா கவுண்டர்ல காசா வாங்க முடியாது, ஏதோ ஒரு கணக்குல போட்டுத்தான் எடுக்கணும். "அக்கவுண்ட் பேயீ"ன்னு சேத்து எழுதினா, மேல பேரு எழுதியிருக்குற ஆளோட கணக்குல மட்டும்தான் போகும். செக் வழில தொலைஞ்சாலும் ஏஜென்ட் கைல மாட்டினாலும் உங்களுக்கு காவல் இந்த ரெண்டு கோடுதான். பேருக்கு பக்கத்துல "ஆர் பேரர்"னு அச்சடிச்சிருந்தா அந்த வார்த்தையையும் ஒரு கோட்டால அடிச்சிடுங்க. இன்னொண்ணு, போட்ட கிராஸிங்கை அப்புறம் அடிச்சு ரத்து பண்ண முடியாது, சட்டப்படி அந்த அழிப்பு செல்லாது, அதனால ஓனர் "எனக்கு காசா வேணும், கோட்டை அடிச்சு குடு"ன்னா புது செக்தான்.

தொகைலதான் நம்மாளுங்க அதிகம் மாட்டுறது. உங்க செக் ஒவ்வொண்ணும் 14,000. எண் எழுதுற பெட்டில இடது ஓரத்தை ஒட்டி ஆரம்பிச்சு 14,000/- ன்னு முடிச்சிடுங்க, முன்னாடி இடம் விட்டா ஒரு 1 நுழைஞ்சு 114,000 ஆயிடும். எழுத்துல, கோட்டோட ஆரம்பத்துலயே "ஃபோர்ட்டீன் தவுசண்ட் ஒன்லி"ன்னு இங்கிலீஷ்ல எழுதி, மிச்ச இடத்துல நீளமா ஒரு கோடு. "திர்ஹம்ஸ்"ங்கிற வார்த்தை அச்சுல இருந்தா திரும்ப எழுத வேண்டாம். ஃபில்ஸ் வந்தா, உதாரணமா 14,250.50ன்னா, "ஃபோர்ட்டீன் தவுசண்ட் டூ ஹண்ட்ரட் ஃபிஃப்டி அண்ட் ஃபில்ஸ் ஃபிஃப்டி ஒன்லி". ஃபோர்ட்டி ஸ்பெல்லிங்ல யூ கிடையாது, ஃபோர்ட்டீன்ல உண்டு, அவசரத்துல ரெண்டும் குழம்பும்.

அதைவிட பெரிய பொறி லட்சம். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் வில்லாக்கு ஒரே செக்கா எழுதினார், எண்ல 1,20,000, எழுத்துல "ஒன் லேக் ட்வென்ட்டி தவுசண்ட்". ஓனர் ஆபீஸ்ல இருந்த பையன் அதைப் பாத்துட்டு, "சார், லேக்னா ஏரிதானே?"ன்னு கேட்டானாம். கமா 120,000னு மூணு இலக்கத்துல விழணும், எழுத்துல "ஒன் ஹண்ட்ரட் ட்வென்ட்டி தவுசண்ட்". நமக்கு லட்சம்தான் மனசுல ஓடும், கை அதைத்தான் எழுதும், கவனிச்சுக்கோங்க. எண்ணும் எழுத்தும் முரண்பட்டா எழுத்துல இருக்கிறதுதான் தொகைன்னு சட்டம் சொல்லும், ஆனா நடைமுறைல பேங்க் அதெல்லாம் பாக்காது, "தொகை ஒத்துப்போகல"ன்னு திருப்பி அனுப்பிடும்.

தப்பா எழுதிட்டா மேலயே திருத்தி பக்கத்துல கையெழுத்து போடுற பழக்கம் ஊர்ல இருந்துச்சு. இங்க செக்கை ஸ்கேன் பண்ணி படமாத்தான் பேங்குக்கு பேங்க் அனுப்புறாங்க, திருத்தல் தெரிஞ்சாலே சந்தேகம். திருத்தாதீங்க, குறுக்க "கேன்சல்ட்"னு எழுதி கிழிச்சிட்டு புது லீஃப் எடுங்க. அடில காந்த மைல அச்சாகியிருக்குற எண் வரிசை மேல எழுதவோ சீல் குத்தவோ கூடாது, அதை மடிக்கவும் கூடாது.

என் சொந்தக் கதை ஒண்ணு. கணக்கு திறக்கும்போது முழுப் பேரை எழுதி கையெழுத்து போட்டேன், வேலைல போடுறது சுருக்குக் கையெழுத்து. முதல் வருஷம் நாலு செக்லயும் சுருக்கையே போட்டு குடுத்துட்டேன். கணக்குல பணம் இருந்தும் செக் திரும்பிடுச்சு, காரணம் கையெழுத்து ஒத்துப்போகல. மூணு மாசம் கழிச்சு ரெண்டாவது செக் போட்டப்பதான் தெரிஞ்சுது, எப்படியோ முதலாவதை விட்டிருக்காங்க. மிச்ச ரெண்டையும் வாங்கி திரும்ப எழுதி, பேங்க் கட்டணம், ஓனர் ஒப்பந்தத்துல போட்டிருந்த அபராதம்னு எல்லாம் கட்டினேன். பேங்க்ல உங்க மாதிரி கையெழுத்து எப்படி இருக்குன்னு ஒரு தடவை போய் பாத்துட்டு எழுதுங்க.

அடுத்து தேதி, இதுலதான் பின்தேதி செக் சமாச்சாரம் முழுக்க இருக்கு. இங்க நாள், மாசம், வருஷம்ங்கிற வரிசை, எட்டு கட்டம் இருக்கும். உங்க ஒப்பந்தம் 2026 பிப்ரவரி 1லன்னு வச்சுக்குவோம். ஓனர் 1ஆம் தேதி கேப்பார், நீங்க 5ஆம் தேதி கேளுங்க. 1ஆம் தேதி போட்டா மே 1 வெள்ளி, ஆகஸ்ட் 1 சனி, நவம்பர் 1 ஞாயிறு, சம்பளம் ஒரு நாள் தள்ளினாலும் மூச்சு முட்டும். அதுக்கு பதிலா 05/02/2026, 05/05/2026, 05/08/2026, 05/11/2026ன்னு நாலு தேதி, நாலும் வாரநாள்ல விழுது. முதல் செக்கை ஒப்பந்தம் கையெழுத்தான கையோட போட்டுடுவாங்க, சிலர் அதுல அன்னைய தேதியையே கேப்பாங்க, அதுக்கு ஒத்துக்கிட்டா பணத்தை ரெடியா வச்சுக்கோங்க.

நாலு செக் ஆளுக்கு வருஷம் மாறாது, ஆனா 12 செக் குடுக்குறவங்களுக்கு கடைசி செக் 2027 ஜனவரில விழும். கைப்பழக்கத்துல 05/01/2026ன்னு எழுதிட்டா, ஜனவரி கடைசில ஒப்பந்தம் போடும்போதே அந்த தேதி தாண்டியாச்சு, யார் வேணா மறுநாளே பேங்க்ல போடலாம். அது மட்டுமில்ல, இங்க செக்குக்கு எழுதின தேதிலேர்ந்து ஆறு மாசம்தான் உயிர் (இந்தியால மூணு மாசம்), ஓனர் வச்சிருந்து நிஜமான ஜனவரில போட்டா செத்த செக். எழுதினதும் வருஷத்தை மட்டும் தனியா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

பின்தேதி செக்கை தேதிக்கு முன்னாடி பணமாக்க முடியாதுன்னாலும், குடுத்த அன்னைக்கே அது உங்க மேல கடன். 2022 ஜனவரி 2லேர்ந்து சட்டம் மாறியாச்சு, கணக்குல பணம் பத்தாம பவுன்ஸ் ஆனதுக்காக மட்டும் போலீஸ் கேஸ்ங்கிற பழைய பயம் இப்ப பெருசா இல்ல. ஆனா நிம்மதியா இருக்கலாம்னு நினைக்காதீங்க. கணக்குல 9,500 மட்டும் இருந்து 14,000 செக் வந்தா, பேங்க் அந்த 9,500ஐ ஓனருக்கு குடுத்துட்டு செக் பின்னால குறிச்சு குடுத்துடும், உங்க கணக்கு காலி. மிச்சம் 4,500க்கு ஓனர் தனியா வழக்கு நடத்தி தீர்ப்பு வாங்க வேண்டியதில்ல, அந்த செக்கை வச்சே நேரா பணத்தை வசூல் பண்ணிக் குடுக்குற நிறைவேற்று கோர்ட்டுக்கு போகலாம். அதுவும் பெரிய தொகைன்னா கணக்கு முடக்கம், பயணத் தடைன்னு கேக்க வழி இருக்கு.

குற்ற வழக்கா இன்னும் நிக்கிறது வேற விஷயம்: வேணும்னே பேங்க்ல பணம் குடுக்காதேன்னு சொல்றது, செக் போடுறதுக்கு முன்னாடி பணத்தை வழிச்சு எடுத்துட்டு கணக்கை மூடுறது, பணம் போகக்கூடாதுன்னே கையெழுத்தை மாத்திப் போடுறது. வேலை போய் ஊருக்கு கிளம்புறவங்க தெரியாமலே இதுல கால் வைக்கிறாங்க. வீட்டை காலி பண்ணிட்டு, செக் ஓனர்கிட்ட இருக்குறதை மறந்துட்டு, கணக்கை மூடிட்டு பிளைட் ஏறிடுவாங்க.

அதனால குடுக்குறதுக்கு முன்னாடி நாலு செக்கையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, செக் நம்பர், தேதி, தொகைய ஒப்பந்தத்துலயே எழுதச் சொல்லுங்க, வாங்கிக்கிட்டதுக்கு ரசீது வாங்குங்க. டெபாசிட் வழக்கமா 5 சதவீதம், உங்களுக்கு 2,800, அதை முடிஞ்சா டிரான்ஸ்ஃபரா குடுங்க. "செக்யூரிட்டிக்கு தேதி போடாத ஒரு செக்"னு கேட்டா குடுக்காதீங்க, வெறுமையா விட்ட கட்டத்துல என்ன எழுதுவாங்கங்கிறது உங்க கைல இல்ல. பாதில காலி பண்ண நேர்ந்தா, மிச்ச செக் கைக்கு வந்து, நம்பரை போட்டோவோட ஒத்துப் பாத்ததுக்கு அப்புறம்தான் சாவியை குடுக்கணும்.