டைரக்டுக்கு மாறும்போது பழைய பணத்தையும் மாற்றுங்கள்

கேள்வி: ஐந்து வருடமாக வங்கி மூலம் ஒரு ஈக்விட்டி ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிறேன், இன்னும் 15 வருடம் போடுவேன். டைரக்டுக்கு மாறு, ஒரு சதவீதம் மிச்சம் என்கிறார் நண்பர். அந்த ஒரு சதவீதத்துக்கு இத்தனை அலைச்சல் தேவையா? மாறினால் புது எஸ்ஐபியை மட்டும் மாற்றினால் போதாதா?

இடைத்தரகர் இல்லாமல் ஃபண்ட் நிறுவனத்திடமே நேராக வாங்கும் டைரக்ட் திட்டத்துக்கு மாறுங்கள், ஆனால் புது எஸ்ஐபியை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

அந்த ஒரு சதவீதம் நீங்கள் மாதாமாதம் போடும் 10,000 ரூபாய்க்கு மட்டும் என்றால் நூறு ரூபாய்தான், நானும் விட்டுவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் இப்போது நீங்கள் இருக்கும் ரெகுலர் திட்டத்தில் வங்கிக்குப் போகும் டிரெயில் கமிஷன் என்பது சேர்ந்திருக்கும் மொத்தத் தொகை மீது, அது அங்கே இருக்கும் வரை, ஒவ்வொரு வருடமும் போவது. ஒரு யூனிட்டின் விலையான என்ஏவியைக் கணக்கிடும்போதே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துவிடுவதால் உங்கள் வங்கிக் கணக்கிலோ குறுஞ்செய்தியிலோ அது தென்படாது.

ரெகுலரில் 11%, டைரக்டில் 12% வருமானம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் நாளிலிருந்தே டைரக்டில் போட்டிருந்தால் ஐந்தாம் வருட முடிவில் வித்தியாசம் சுமார் 19,000 ரூபாய், பத்தாம் வருடத்தில் 1.13 லட்சம், இருபதாம் வருடத்திலோ 10 லட்சத்துக்கும் மேல். முதல் பத்து வருடம் ஒன்றும் தெரியாது, அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. இருபதாம் வருடம் மட்டும் கமிஷனாகப் போவது சுமார் 75,000 ரூபாய், அதாவது மாதம் 6,000க்கும் மேல். நீங்கள் அப்போதும் மாதம் 10,000தான் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஐந்து வருடத்தில் 6 லட்சம் போட்டு, இதே 11% கணக்கில் 7.84 லட்சம் ஆகியிருக்கும். எதையும் மாற்றாமல் இருந்தால் இருபதாம் வருட முடிவில் சுமார் 80.9 லட்சம். புது எஸ்ஐபியை மட்டும் மாற்றினால் 84.7 லட்சம். பழைய 7.84 லட்சத்தையும் சேர்த்து மாற்றினால் 90.1 லட்சம். பாருங்கள், இனி போடப்போகும் 18 லட்சத்தை மாற்றுவதால் கிடைப்பது 3.8 லட்சம், ஏற்கெனவே கிடக்கும் 7.84 லட்சத்தை மாற்றுவதால் கிடைப்பது 5.4 லட்சம். பழைய பணத்துக்கு முழுசாக 15 வருடம் இருக்கிறது, கடைசி வருடங்களில் போடும் தவணைகளுக்கு அந்த அவகாசம் கிடையாது.

வரி வருமே என்று பயந்துதான் பலர் பழையதைத் தொடுவதில்லை. ஸ்விட்ச் செய்வது விற்று வாங்குவதுதான், வரி உண்டு. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி யூனிட்களின் லாபத்தில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல்தான் 12.5%. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் வெளியேறும் என்பதால் முதல் இரண்டு வருடத் தவணைகளை மார்ச்சில் மாற்றுங்கள், லாபம் சுமார் 1.23 லட்சம். அடுத்த இரண்டு வருடத் தவணைகளை ஏப்ரலில், புது நிதியாண்டில். அதில் லாபம் 55,000 தான். வேறு பங்கு லாபம் எதுவும் இல்லையென்றால் வரியே வராது. ஒரே தடவையில் இந்த நான்கு வருடத்தையும் மாற்றினாலும் வரி 7,000 ரூபாய்க்குள்தான், இப்போது வருடத்துக்குப் போகும் கமிஷனே அதைவிட அதிகம். கடைசி 12 தவணைகளை மட்டும் தொடாதீர்கள், குறுகிய கால லாபத்துக்கு 20% வரி, பல ஃபண்டுகளில் சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் எக்ஸிட் லோடும் உண்டு. ஒவ்வொன்றாக ஒரு வருடம் தாண்டியதும் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே, அதே ஃபோலியோவில், அதே திட்டத்தின் டைரக்டுக்கு ஸ்விட்ச் போடலாம். அப்புறம் முக்கியமாக, பழைய எஸ்ஐபியைத் தனியாக ரத்து செய்யுங்கள். ஸ்விட்ச் செய்தால் அது தானாக நிற்காது, பணம் பாட்டுக்கு ரெகுலரிலேயே போய்க்கொண்டிருக்கும். அடுத்த கணக்கு அறிக்கையில் திட்டத்தின் பெயரில் Direct என்று இருக்கிறதா என்று பாருங்கள். யூனிட் எண்ணிக்கை குறைந்திருக்கும், டைரக்டின் என்ஏவி அதிகம் என்பதால்தான் அது, பணம் குறையவில்லை.

ஒரு சதவீதம் என்பது எல்லா ஃபண்டுக்கும் பொருந்தாது. இண்டெக்ஸ் ஃபண்டுகளில் வித்தியாசம் பொதுவாகக் குறைவு, உங்கள் ஃபண்டின் இரண்டு திட்டங்களுக்கும் செலவு விகிதம் என்ன என்பதை அவர்கள் தளத்திலேயே பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் மனதாரச் சொல்கிறேன்: சந்தை சரிந்தபோது பதறி விற்கப்போன உங்களை யாராவது கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால், அவருக்குப் போகும் கமிஷன் வீண் இல்லை. வங்கியில் கையெழுத்து வாங்கியவர் அதன்பின் ஒரு தடவையாவது உங்களைக் கூப்பிட்டாரா?